அறிந்தவரை வருத்தும் வினா



தமிழகத்தை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நம்மவர் இல்லங்களில் இன்று ஏதேனும் ஒரு தேர்வைப் பற்றிய பேச்சு நாள்தோறும் நிகழ்கிறது. மருத்துவக் கல்லூரிக்கும், மத்திய அரசுப் பணிக்கும், வங்கி வேலைக்கும் நம் பிள்ளைகள் எழுதும் தேர்வுகளுள் பெரும்பாலானவை கொள்குறித் தேர்வுகளே. வினா ஒன்று, கீழே நான்கு விடைகள், ஒன்றைக் குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்ல வேண்டும். தாம் கருதியதை விளக்க மாணவருக்கு அங்கே ஒரு வரி இடமும் இல்லை. ஆகவே, வினாவில் குறை இருந்தால் அதன் சுமை முழுவதையும் விடை எழுதுபவரே சுமக்க நேர்கிறது. அத்தகைய குறைகளுள் மூன்றை இன்று எடுத்துக்கொள்வோம். அவற்றைக் கண்டுபிடிப்பது எவ்வாறு, திருத்துவது எவ்வாறு என்பதே நம் பேச்சு.

சில ஆண்டுகளுக்கு முன்னர், அந்தமானில் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஓர் அமைப்பினர் பொது அறிவுப் போட்டி ஒன்று நடத்தினர். அதிலே ஒரு வினா: அந்தமானில் எரிமலை உள்ள தீவு எது? விடைகள் நான்கு: (அ) பாரன் தீவு, (ஆ) பாராடாங், (இ) சாத்தம், (ஈ) ஹேவ்லாக். பாராடாங்கிலிருந்து வந்திருந்த மாணவி ஒருத்தி (ஆ) என்று குறித்தாள். வினா அமைத்தவரின் விடைக்குறிப்போ (அ) என்றிருந்தது. ஒரு மதிப்பெண்ணில் அவள் பரிசை இழந்தாள். "எங்கள் தீவில் எரிமலையைப் பார்க்கத்தானே ஐயா ஊரெல்லாம் வருகிறது?" என்று அவள் தந்தையார் கேட்டார். அவர் கேட்டது நியாயமே. பாராடாங்கில் சேற்றெரிமலைகள் உள்ளன. நிலத்தடி வாயுக்கள் சேற்றைக் கொப்புளித்துக் கக்குகின்றன. அவற்றைக் காணப் பயணிகள் வருகின்றனர். அந்தச் செய்தியே தெரியாத பிள்ளைகள் பாரன் தீவைக் குறித்து மதிப்பெண் பெற்றனர். தெரிந்தவள் இழந்தாள்.

குறையுள்ள வினாவின் இயல்பே இதுதான். ஒன்றும் அறியாதவரை அது வருத்துவதில்லை. அவருக்கு எல்லா வினாவும் ஒன்றே. சற்றுக் கூடுதலாக அறிந்தவரையே அது தேடிப் பிடித்து வருத்துகிறது. மறு ஆண்டுப் போட்டிக்கு உரிய வினாத்தாளை அவ்வமைப்பினர் முன்கூட்டியே நம்மிடம் காட்டினர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் எந்த வாக்கியத்தையும் "இதற்கு வேறு பொருள் உண்டோ?" என்ற ஐயத்தோடே படித்துப் பழகியவர்கள் அல்லவா? அந்தத் தாளில் நாம் கண்டவற்றையே இங்கு எடுத்துக்காட்டுகளாகச் சொல்கிறோம்.

முதற்குறை, வினா வாசகத்தின் பொருள் மயக்கம். தாளின் முதற்பக்கத்திலேயே இருந்த வினா இது: இந்தியாவின் தென்கோடி முனை எது? (அ) இராமேசுவரம், (ஆ) கன்னியாகுமரி, (இ) இந்திரா முனை, (ஈ) திருவனந்தபுரம்.

தமிழ்நாட்டில் படித்தவர் பலர் உடனே கன்னியாகுமரி என்பர். அந்தமானில் வாழ்பவர் இந்திரா முனை என்பர். பெரிய நிகோபார்த் தீவின் தென்முனையாகிய இந்திரா முனை ஏறத்தாழ 6 பாகை 45 கலை வட அட்சத்தில் இருக்கிறது. கன்னியாகுமரியோ 8 பாகையைச் சற்றே தாண்டிய அட்சத்தில் இருக்கிறது. ஆகவே நாடு முழுவதையும் கொண்டால் இந்திரா முனையே தென்கோடி. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் அப்பகுதி நிலம் 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்துகொண்டது. ஆயினும் அந்தத் தகுதியை அது இழக்கவில்லை. ஆனால் தீவுகளை விடுத்துத் தலைநிலத்தை மட்டும் கருதினால் கன்னியாகுமரியே விடை. வினா அமைத்தவர் எதைக் கருதினார் என்பது அவர் உள்ளத்தில் இருந்தது, தாளில் இல்லை.

இத்தகைய மயக்கத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நான்கு விடைகளையும் கையால் மறைத்துக்கொண்டு வினா வாசகத்தை மட்டும் படிக்க வேண்டும். பாடம் அறிந்த இருவரிடம் தனித்தனியே வாசகத்தை மட்டும் சொல்லி விடை கேட்பது இன்னும் நன்று. இருவரும் ஒரே விடையைச் சொன்னால் வாசகம் பெரும்பாலும் தெளிவானது எனலாம். ஒருவர் ஒன்றும் மற்றவர் வேறொன்றும் சொன்னாலோ, "எதைக் கேட்கிறீர்கள்?" என்று ஒருவர் திருப்பிக் கேட்டாலோ, வாசகத்தில் ஓர் எல்லை விடுபட்டிருக்கிறது என்பது பொருள்.

திருத்தும்போதும் ஒரு கவனம் வேண்டும். "கன்னியாகுமரியை விடைகளிலிருந்து எடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது" என்று ஒரு நண்பர் சொன்னார். சிக்கல் மறையுமே அன்றித் தீராது. அந்த விடையை எடுத்துவிட்டால் வினா எதைச் சோதிக்க எழுந்ததோ அதுவே போய்விடும். தலைநிலத்துக்கும் நாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் அறிவாரா என்பதுதானே கேள்வி? ஆகவே, விடைகளைத் தொடாமல் வாசகத்தைத் திருத்தினோம்: "தீவுகளையும் சேர்த்து, இந்திய நாட்டு நிலப்பரப்பின் தென்கோடி முனை எது?" நான்கு சொற்கள் கூடின, மயக்கம் நீங்கியது, கன்னியாகுமரி இப்போது நேர்மையான பொருந்தா விடையாக நிற்கிறது.

பெயரினாலும் மயக்கம் நேரும். "ராஸ் தீவு எங்கே உள்ளது?" என்றொரு வினா. தலைநகருக்கு எதிரே, ஆங்கிலேயர் ஆட்சியில் நிர்வாகத் தலைமையிடமாக இருந்த ராஸ் தீவு ஒன்று. வடக்கே திக்லிபூருக்கு அருகே, மணல்திட்டால் ஸ்மித் தீவோடு இணைந்த ராஸ் தீவு மற்றொன்று. முன்னதன் பெயர் 2018 டிசம்பர் 30-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று மாற்றப்பட்டது. ஆயினும் மக்கள் நாவில் பழைய பெயரே வழங்குகிறது. "முன்னர் ஆங்கிலேயரின் நிர்வாகத் தலைமையிடமாக இருந்த ராஸ் தீவு" என்று அடையாளம் சேர்த்தபின்னரே அந்த வினா தெளிந்தது.

தமிழ் வாக்கிய அமைப்பினால் மட்டுமே பிறக்கும் மயக்கமும் உண்டு. "அந்தமான் நிகோபாரில் எல்லாத் தீவுகளிலும் மக்கள் வாழவில்லை, சரியா, தவறா?" என்ற வினாவைப் பாருங்கள். ஒருவர் இதனை, சில தீவுகளில் வாழ்கின்றனர், சிலவற்றில் வாழவில்லை என்று கொள்வார். அப்போது அது சரி. மற்றொருவர், எந்தத் தீவிலும் மக்களே இல்லை என்று கொள்வார். அப்போது அது தவறு. பேச்சில் குரலின் அழுத்தம் நம்மைக் காக்கிறது. அச்சில் குரல் ஏது? "எல்லா" என்னும் சொல்லும் எதிர்மறை வினையும் ஒரே வாக்கியத்தில் வந்தால் அங்கே நின்று பார்க்க வேண்டும். "சில தீவுகளில் மட்டுமே மக்கள் வாழ்கின்றனர்" என்று மாற்றினோம். ஐந்நூறுக்கு மேற்பட்ட தீவுகளுள் மக்கள் வாழ்பவை நாற்பதுக்கும் குறைவே. ஆதலின் கூற்றும் சரி, பொருளும் ஒன்றே.

இரண்டாவது குறை, எதிர்மறைமேல் எதிர்மறை. நம் இலக்கணத்திலே இரண்டு எதிர்மறைகள் சேர்ந்து ஓர் உடன்பாட்டைத் தரும் என்பது தெரிந்ததே. "அறியாதவர் அல்லர்" என்றால் அறிந்தவர் என்று பொருள். கட்டுரையிலே அது நயம். தேர்வுத்தாளிலே அது பொறி. தாளில் இருந்த வினாவைச் சொல்கிறோம்.

பாரன் தீவைப் பற்றிய பின்வரும் கூற்றுகளுள் சரியல்லாதது எது? (அ) அங்கே மக்கள் நிலையாக வாழவில்லை. (ஆ) அங்குள்ள எரிமலை அவிந்துபோனதன்று. (இ) அத்தீவு அந்தமான் தொகுதியைச் சேர்ந்ததன்று. (ஈ) அது போர்ட் பிளேருக்கு மேற்கே இல்லை.

பாடம் நன்கறிந்த ஒரு மாணவர் இதனை எவ்வாறு அணுகுவார் என்று பாருங்கள். பாரன் தீவு அந்தமான் தொகுதியைச் சேர்ந்தது. அது அவருக்குத் தெரியும். (இ) அதனை மறுக்கிறது. ஆகவே (இ) தவறு. வினாவோ சரியல்லாததைக் கேட்கிறது. ஆகவே தவறானதே சரியான விடை. மூன்று முறை மனம் திரும்ப வேண்டியிருக்கிறது. இவ்வாறு நான்கு விடைகளுக்கும் திரும்பித் திரும்பி வருவதற்குள், எங்கோ ஒரு திருப்பத்தில் அவர் தவறிவிடுகிறார். அந்தமானின் புவியியலைச் சோதிக்க எழுந்த வினா, எதிர்மறைகளை எண்ணும் திறனைச் சோதித்துவிட்டு நிற்கிறது.

இதைத் திருத்துவது மிக எளிது. வாசகத்தின் எதிர்மறையையும் விடைகளின் எதிர்மறையையும் ஒருங்கே நீக்கினோம். "பாரன் தீவைப் பற்றிய பின்வரும் கூற்றுகளுள் சரியானது எது? (அ) அங்கே மக்கள் நிலையாக வாழ்கின்றனர். (ஆ) அங்குள்ள எரிமலை அவிந்துபோனது. (இ) அத்தீவு அந்தமான் தொகுதியைச் சேர்ந்தது. (ஈ) அது போர்ட் பிளேருக்கு மேற்கே உள்ளது." விடை அன்றும் (இ), இன்றும் (இ). நான்கு விடைகளும் எதிர்மறையாக இருந்ததனால்தான் விடை மாறாமல் நின்றது. நான்கில் இரண்டு மட்டும் எதிர்மறையாக இருந்திருந்தால் இந்த மாற்றத்தில் விடை புரண்டிருக்கும். ஆகவே, திருத்தியபின் ஒவ்வொரு விடையையும் மீண்டும் மெய்யா, பொய்யா என்று சரிபார்க்காமல் விடைக்குறிப்பை அச்சுக்கு அனுப்பலாகாது.

எதிர்மறையைக் கண்ணால் தேடும்போது "இல்லை", "அல்ல", "அன்று" ஆகியவற்றை மட்டும் தேடினால் போதாது. தமிழில் எதிர்மறை பல வேடங்களில் வரும். "பொருந்தாத" என்பதில் அது சொல்லின் நடுவே ஒளிந்திருக்கிறது. "தவிர", "நீங்கலாக", "இன்றி", "தவறான", "மறுக்கும்" என்ற சொற்களிலே பொருளால் மறைந்திருக்கிறது. "பின்வருவனவற்றுள் பொருந்தாதவை நீங்கலாக உள்ளது எது?" என்ற வாக்கியத்தில் "இல்லை" என்ற சொல்லே இல்லை, ஆயினும் எதிர்மறை இரண்டு. சிவப்பு மைக்கோலை எடுத்து இத்தகைய சொற்கள் ஒவ்வொன்றின் கீழும் கோடிட்டுப் பார்த்தால், வாசகத்தையும் ஒரு விடையையும் சேர்த்துப் படிக்கையில் இரண்டு கோடுகள் வரும் இடங்கள் தாமே தெரியும்.

எதிர்மறை வினாவே ஆகாது என்பதன்று. சில இடங்களில் செய்யக் கூடாததை அறிவதே முக்கியம். "நிலநடுக்கத்துக்குப் பின் கடல் திடீரென்று உள்வாங்கினால், செய்யக் கூடாத செயல் எது?" என்று அந்தமான் பிள்ளைகளிடம் கேட்பது பொருத்தமான வினா, கடலடியைப் பார்க்கக் கரையில் இறங்குவது உயிருக்கு ஆபத்து என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். அங்கே எதிர்மறை ஒன்றே இருத்தல் வேண்டும். அது வாசகத்தில் மட்டும் இருத்தல் வேண்டும். தடித்த எழுத்தில் அச்சிடவும் வேண்டும். விடைகள் நான்கும் உடன்பாட்டிலேயே அமைய வேண்டும்.

மூன்றாவது குறையே பாராடாங் மாணவியை வருத்திய குறை. ஒரே வினாவுக்கு இரண்டு சரியான விடைகள். முதற்குறையில் வாசகம் தெளிவற்றது. இங்கோ வாசகம் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். விடைகளுள் இரண்டு அதற்குப் பொருந்திவிடும். வினா அமைப்பவர் தம் விடை சரி என்பதை மட்டும் உறுதிசெய்துகொண்டு எழுந்துவிடுவதே இதற்குக் காரணம். மற்ற மூன்றும் தவறு என்பதையும் அவர் தனித்தனியே நிலைநாட்ட வேண்டும்.

அதற்கு நாம் கையாளும் முறை வழக்கறிஞர் முறை. நால்வர் அமர்கிறோம், விடைக்குறிப்பை யாருக்கும் காட்டுவதில்லை, ஒவ்வொருவரும் ஒரு விடைக்கு வழக்கறிஞர். "என் விடையே சரி" என்று தம்மால் இயன்றவரை வாதாட வேண்டும். எரிமலை வினாவை இவ்வாறு வைத்தபோது, பாரன் தீவுக்காரர் எளிதில் வாதாடினார்; அங்குள்ள எரிமலை 1991-இல் மீண்டும் வெடித்தது, அதன்பின்னும் பல முறை குமுறியுள்ளது. பாராடாங்குக்காரரும் எளிதில் வாதாடினார். சாத்தமுக்கும் ஹேவ்லாக்குக்கும் வாதாட ஒன்றும் கிடைக்கவில்லை; சாத்தத்தில் புகழ்பெற்ற மர அறுவை ஆலை உண்டு, எரிமலை இல்லை. இரண்டு வழக்கறிஞர்கள் வாய் திறக்க முடிந்தால் வினா திருத்தத்துக்கு உரியது.

வினா அமைத்தவர் மறு ஆண்டுத் தாளில் இதனைத் தாமே திருத்தியிருந்தார். பாராடாங்கை எடுத்துவிட்டு நார்கொண்டம் என்று இட்டிருந்தார். குறை இடம் மாறியதே அன்றிக் குறையவில்லை. நார்கொண்டமும் எரிமலைத் தீவே. வரலாற்றுக் காலத்தில் அங்கே லாவா வழிந்ததாகப் பதிவு இல்லை, அவ்வளவுதான். "எரிமலை உள்ள தீவு" என்ற சொற்கள் வாசகத்தில் நிற்கும்வரை எந்த விடையை மாற்றினாலும் பயனில்லை. ஆகவே வாசகத்தை இவ்வாறு அமைத்தோம்: "கடந்த 50 ஆண்டுகளுக்குள் லாவாவைக் கக்கிய எரிமலை உள்ள தீவு எது? (அ) பாரன் தீவு, (ஆ) பாராடாங், (இ) நார்கொண்டம், (ஈ) சாத்தம்." இப்போது பாராடாங் சேற்றைக் கக்குவதால் நீங்குகிறது, நார்கொண்டம் ஓய்ந்திருப்பதால் நீங்குகிறது. இரண்டும் அறிவைச் சோதிக்கும் நல்ல விடைகளாகவும் நிற்கின்றன. அந்த மாணவி இவ்வினாவுக்கு விடை எழுதியிருந்தால், தன் ஊரைப் பற்றி அவள் அறிந்திருந்ததே அவளுக்குத் துணையாகி இருக்கும்.

காலமும் இரண்டாவது விடையைப் பிறப்பிக்கும். அந்தமான் தலைநகர் எது என்ற வினாவில் போர்ட் பிளேர் என்பதும் ஸ்ரீ விஜயபுரம் என்பதும் இரு விடைகளாக நின்றால் என்னாகும்? பெயர் மாற்றம் 2024 செப்டம்பர் 13-இல் அறிவிக்கப்பட்டது. பழைய நூலைப் படித்தவர் ஒன்றைக் குறிப்பார். செய்தித்தாள் படித்தவர் மற்றொன்றைக் குறிப்பார். இரண்டும் ஒரே ஊர்.

இது சிறிய போட்டிகளுக்கு மட்டும் உரிய இடர் என்று எண்ணிவிட வேண்டா. 2024 மே 5-இல் நடைபெற்ற மருத்துவ நுழைவுத் தேர்வாகிய நீட் தேர்வில், அணுவைப் பற்றிய இரு கூற்றுகளைத் தந்து அவற்றின் மெய்ம்மையைக் கேட்ட வினா ஒன்று வந்தது. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலைப்புத்தன்மை உடையவை என்பது அக்கூற்றுகளுள் ஒன்றன் சாரம். பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலின் பழைய பதிப்பு அவ்வாறே கூறியது. புதிய பதிப்போ "பெரும்பாலான தனிமங்களின் அணுக்கள்" என்று திருத்திக் கூறியது. கதிரியக்கத் தனிமங்கள் நிலைப்பற்றவை ஆதலின் திருத்தமே சரி. பழைய நூலை வைத்துப் படித்தவர்களை முன்னிட்டு, தேர்வு நடத்தியோர் இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் வழங்கினர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. நீதிமன்றத்தின் வேண்டுகோளின்படி டில்லி ஐ.ஐ.டி.யின் வல்லுநர் மூவர் ஆராய்ந்து, ஒரு விடையே சரி என்று ஜூலை மாதத்தில் அறிவித்தனர். மற்ற விடையைக் குறித்திருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர், பெற்றிருந்த 4 மதிப்பெண்ணோடு தவறான விடைக்குரிய 1 மதிப்பெண்ணையும் சேர்த்து ஐந்து மதிப்பெண் இழந்தனர். "ஒவ்வொரு" என்பதற்கும் "பெரும்பாலான" என்பதற்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவு.

இனி, நம் தொழிலோடு நேரே தொடர்புடைய செய்தி ஒன்று. மூலத்தில் குற்றமில்லாத வினாவும் மொழிபெயர்ப்பில் குற்றம் பெறலாம். 2018-ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ்த் தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை உண்டென்று வழக்குத் தொடரப்பட்டது. சிறுத்தை என்று வர வேண்டிய இடத்தில் ஆங்கிலச் சொல்லே "சீத்தா" என்று ஒலிபெயர்க்கப்பட்டிருந்தது எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வினாவுக்கு 4 மதிப்பெண் வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு அவ்வாண்டு ஜூலை 10-இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை முதலில் நிறுத்திவைத்து, நவம்பர் 22-இல் நீக்கிவிட்டது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வாசகமே இறுதியானது என்பது அத்தேர்வின் விதி. தமிழ்த் தாளை நம்பி எழுதிய மாணவருக்கு அந்த விதி தேர்வறையில் எவ்வாறு உதவும்? ஆகவே பிழையைத் தேர்வுக்கு முன்னரே பிடித்தாக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் பார்க்க வேண்டிய இடம் ஒன்றை மட்டும் சொல்கிறோம். ஆங்கில வினாச்சொல் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றாகவே வரக்கூடியது. தமிழிலோ "எது" என்றால் ஒன்று. "எவை" என்றால் பல. மொழிபெயர்ப்பாளர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். "மேற்கண்டவற்றுள் அ, இ ஆகிய இரண்டும்" என்ற விடை சரியாக இருக்கும் வினாவில் "எது" என்று எழுதிவிட்டால், தமிழ் மாணவர் அந்த விடையை முதலிலேயே ஒதுக்கிவிடுவார். மறுதலையாக, விடை ஒன்றே உள்ள இடத்தில் "எவை" என்று எழுதினால் அது இல்லாத இரண்டாம் விடையைத் தேடச் செய்யும். இதற்குரிய காப்பு, மூலத்தைக் காணாத ஒருவரிடம் தமிழ்த் தாளை மட்டும் கொடுத்து, விடை எழுதுமாறும், வினா எதைக் கேட்கிறது என்று தம் சொற்களில் கூறுமாறும் வேண்டுவதே. மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுபவரின் கண், தமிழில் இல்லாத பொருளையும் மூலத்திலிருந்து இட்டு நிரப்பிக்கொள்ளும்.

இவ்வளவு பார்த்தும் சில குறைகள் தப்பிவிடும். தேர்வு முடிந்தபின் விடைத்தாள்களே அவற்றைக் காட்டிக்கொடுக்கும். 40 மாணவர் எழுதிய தேர்வு ஒன்று என்று கொள்வோம். மொத்த மதிப்பெண் வரிசையில் தாள்களை அடுக்கி, மேலிருந்து 11 தாள்களையும் கீழிருந்து 11 தாள்களையும் எடுத்துக்கொள்ள வேண்டும்; அஃதாவது நூற்றுக்கு 27 பங்கு. ஒரு வினாவுக்கு மேற்குழுவில் 9 பேரும் கீழ்க்குழுவில் 3 பேரும் விடைக்குறிப்பின்படி எழுதியிருந்தால், வேறுபாடு 6. அதை 11-ஆல் வகுத்தால் 0.55. அறிந்தவரையும் அறியாதவரையும் வினா நன்கு பிரித்தறிகிறது. மற்றொரு வினாவில் மேற்குழுவில் 6 பேர் (அ) என்றும் 5 பேர் (ஆ) என்றும் எழுத, கீழ்க்குழுவில் 5 பேர் (அ) என்று எழுதியிருந்தால், வேறுபாடு 1, வகுத்தால் 0.09. சிறந்த மாணவர் இரண்டு விடைகளுக்கிடையே இரண்டாகப் பிளந்து நிற்பது, இரண்டும் சரியோ என்று ஐயுற வைக்கும் அடையாளம். மேற்குழுவைக் காட்டிலும் கீழ்க்குழுவில் மிகுதியானோர் சரியாக எழுதியிருந்தால், விடைக்குறிப்பே தவறாக இருக்கலாம். அல்லது எதிர்மறை ஒன்று வினாவைப் புரட்டியிருக்கலாம். ஆயினும் 40 தாள்கள் சிறு தொகையே. எண் சுட்டிக்காட்டுமே அன்றித் தீர்ப்புச் சொல்லாது. வினாவை மீண்டும் படித்தே முடிவு செய்ய வேண்டும்.

குறை உறுதியானால் செய்யத்தக்கவை இரண்டு. இரண்டு விடைகளும் உண்மையிலேயே சரி என்றால் இரண்டுக்கும் மதிப்பெண் தரலாம். எந்த விடையும் தெளிவாகச் சரியன்று என்றால் வினாவையே நீக்கி, எஞ்சியவற்றைக் கொண்டு கணக்கிடலாம். இரண்டிலும் ஓர் இழப்பு உண்டு. குறையுள்ள வினாவோடு போராடிக் கழித்த நேரத்தை எந்த மதிப்பெண்ணும் திருப்பித் தராது. கான்பூர்ப் பல்கலைக்கழக வழக்கில் 1983-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விடைக்குறிப்பு தவறு என்று ஐயமற நிலைநாட்டப்படும்வரை அது சரி என்றே கொள்ளப்படும் என்றது. அதே தீர்ப்பில், வாதாட இடமில்லாத கொள்குறித் தேர்வில் பொருள் மயக்கமுள்ள வினாக்கள் இடம்பெறலாகாது என்றும் வற்புறுத்தியது. குறையை நிலைநாட்டும் பொறுப்பு இவ்வாறு மாணவர்மேல் விழுகிறது. ஆகவே விடைக்குறிப்பு வெளியிடப்பட்டு, ஆட்சேபம் தெரிவிக்க நாட்கள் தரப்படும்போது, பெற்றோர் அதனைக் கவனிக்க வேண்டும். "என் விடையும் சரி" என்று மட்டும் எழுதாமல், எந்தப் பாடநூலின் எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று சான்று காட்டி எழுத வேண்டும்.

அந்தமான் போட்டியின் வினாத்தாளில் 50 வினாக்கள் இருந்தன. மேற்கண்ட முறைகளால் சோதித்துத் திருத்த நால்வருக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. போட்டியன்று பாராடாங் மாணவி மீண்டும் வந்திருந்தாள். எரிமலை வினாவைப் படித்தபோது அவள் தலைநிமிர்ந்து சிரித்ததைக் கண்டோம். பாரன் தீவு என்று குறித்தாள்.